கடன் எதுவும் இல்லை என்றார், மாதம் 14,000 தவணை போகிறது: இது கரிசனமா, ஏமாற்றா?

தில்லைநகர்ப் பெண்

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் பழகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போனோம். அவர் கையில் வாங்குவது 52,000, நான் 38,000. அட்வான்ஸ் ஒரு லட்சம் என் சேமிப்பிலிருந்து கொடுத்தாயிற்று.

வங்கியில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "சார், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் ஓடுதே, மாசம் பதினாலாயிரம் கிட்ட?" என்றார். எனக்கு அது புதுச் செய்தி. நிச்சயத்துக்கு முன் நேராகவே கேட்டிருந்தேன்: கடன் கிடன் ஏதாவது உண்டா என்று. சிரித்துக்கொண்டே இல்லை என்றார்.

தங்கை கல்யாணத்துக்காக இரண்டு வருடத்துக்கு முன் ஆறு லட்சம் வாங்கியிருக்கிறார். "நீ கவலைப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை" என்கிறார். இதே மனிதர்தான் நான் வைத்த ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். அந்தப் பொய் எனக்கு இனிக்கிறது, இது கசக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே? இப்படி நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காடு போகாதவன்

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது என்று நம்பி நான் பட்ட பாடு இருக்கிறதே! பழைய காதலைப் பற்றித்தான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெயர், ஊர், எங்கெங்கே போனோம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அதிலிருந்து ஏற்காடு என்ற பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. சேலத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகிறோம். அவள் கேட்டது "யாரையாவது விரும்பியிருக்கீங்களா" என்று மட்டும்தான். "ஆமாம், முடிந்துபோன கதை" என்றாலே போதும். மற்ற விவரமெல்லாம் என் மனப்பாரத்தை இறக்கத்தான் உதவியது. அதனால் தோழி, அவர் சொல்லாமல் இருந்ததில் எனக்குப் பெரிய தப்புத் தெரியவில்லை.

தில்லைநகர்ப் பெண்

அண்ணா, நான் பழைய காதலைக் கேட்கவில்லை. மாதாமாதம் வீட்டுச் செலவிலிருந்து போகப்போகும் பணத்தைக் கேட்கிறேன்.

லோன் மேஜை

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தக் காட்சியை நிறையப் பார்த்தவன் நான். முதலில் கணக்கு. ஆறு லட்சம், அஞ்சு வருடம், 14 சதவீதம் என்று வைத்தால் தவணை 13,960 சொச்சம் வரும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இன்னும் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போய்விடும்.

இப்போது வீட்டுக் கடன். இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து 90,000. அதில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று பார்ப்போம் (இது வங்கிக்கு வங்கி மாறும்). ஆக 45,000. 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை, அப்படியானால் சுமார் 52 லட்சம் வரை கிடைக்கும். பழைய தவணை 14,000-ஐக் கழித்தால் மிஞ்சுவது 31,000. அதற்கு 36 லட்சம்கூட முழுதாக வராது. நீங்கள் பார்த்த ஃபிளாட் என்ன விலை என்று தெரியாது, ஆனால் ஒரு படுக்கையறையே குறைந்துபோகும் வித்தியாசம் இது.

என் மேஜையில் பார்த்ததில் மூன்று விதம் உண்டு. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இது கூச்சமாக இருக்கலாம். கேட்டும் இல்லை என்றார். இது பயமாக இருக்கலாம், பொய்தான், ஆனாலும் பேசித் தீர்க்கலாம். மூன்றாவதில்தான் எனக்கு உறுத்தும். இல்லை என்று நம்பிக்கொண்டு எதிரில் இருப்பவர் பணத்தை எடுத்து வைக்கிறார், கையெழுத்துப் போடுகிறார், இவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். நீங்கள் அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்கும்போது அவர் கூட இருந்தாரா?

தில்லைநகர்ப் பெண்

இருந்தார். ரசீதைப் படம் பிடித்ததே அவர்தான்.

கோர்ட் வாசல்

ஒரே வழி. கல்யாணத்துக்கு முன் என்ன பொய் சொல்லியிருந்தாலும் இந்து திருமணச் சட்டம் 12-வது பிரிவில் கல்யாணத்தையே ரத்து பண்ணிவிடலாம். என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பயப்படாமல் பண்ணிக்கொள்ளுங்கள், சரிப்படவில்லை என்றால் சட்டம் இருக்கிறது.

கறுப்பு அங்கி

கோர்ட் வாசல் அண்ணா பாதி சரி. 12-வது பிரிவு இருக்கிறது. மோசடியால் பெற்ற சம்மதம் என்பதில், எதிராளியைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்ததும் அடங்கும் என்று 1976-ல் திருத்தம் வந்தது. ஆனால் 'என்ன பொய்யும்' என்று அதில் இல்லை. முன்பே ஒரு கல்யாணம் நடந்ததை மறைப்பது ஒரு ரகம். பர்சனல் லோனை மறைத்தது அந்த எடைக்கு வருமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும், எந்த வக்கீலும் உறுதி கொடுக்க மாட்டார். இன்னொன்று, மோசடி தெரிந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்தால் மனு நிற்காது. இங்கே அந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தே பண்ணிக்கொண்டு பிறகு ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வார்? "பண்ணிக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற யோசனையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இரவு லைன் டிரைவர்

நான் கம்பெனி பஸ் ஓட்டுபவன். எனக்குச் சொல்லப்பட்ட அன்பான பொய் ஒன்றைச் சொல்கிறேன், கோடு எங்கே என்பதற்கு உதவுமா பாருங்கள்.

என் குறட்டையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் மனைவி "லேசாத்தான், எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல" என்பாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள், நான் வருத்தப்படக் கூடாதாம். எனக்குக் காலையில் எழுந்தாலே தலை கனக்கும், பிரஷர் மாத்திரை கூட்டியும் இறங்கவில்லை, மத்தியானம் ஸ்டியரிங்கில் கண் சொருகும். தங்கச்சி வீட்டில் ஒரு ராத்திரி படுத்தபோது அவள் பையன் விளையாட்டாக ஃபோனில் பதிவு செய்தான். குறட்டை சத்தம் திடீரென்று நிற்கிறது, மூச்சே இல்லை, அப்புறம் தண்ணீரில் மூழ்கி எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு. கேட்டவுடன் பயந்துவிட்டேன்.

டாக்டர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை, "கூடப் படுக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ராத்திரி முழுக்க வயரை ஒட்டிப் படுக்கவைத்துச் சோதித்ததில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. 30-க்கு மேல் போனாலே தீவிரமாம். இப்போது மூக்கில் காற்று தள்ளும் மிஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ரசப் பொய்க்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ரசத்தை வைத்தவளே ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். என் மூச்சை நான் பார்க்க முடியாது, அவள் ஒருத்திதான் சாட்சி. அந்தச் சாட்சி மழுப்பினால் எனக்கு வேறு வழியே இல்லை. உங்கள் ஆள் கடனும் அப்படித்தான், அவர் சொன்னால்தான் உண்டு.

மூத்த அண்ணன்

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். தங்கைக்குக் கல்யாணம் பண்ணக் கடன் வாங்கியவன் குடிக்கவோ சூதாடவோ வாங்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனாகப் பிறந்தவனுக்கு "எனக்குக் கடன் இருக்கு" என்று காதலியிடம் சொல்ல வாய் வராது. எனக்கும் வந்ததில்லை, என் தங்கை கடன் முடியும் வரை நான் பெண் பார்க்கவே விடவில்லை. அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் தன் வீட்டுக்கு என்ன கொடுக்கிறார் என்று சொல்லியிருக்கிறாரா?

தில்லைநகர்ப் பெண்

சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு மாதம் 8,000. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஃபோனில் அனுப்புவேன். அவர் வாங்கிய காரணத்தில் எனக்குக் குறை இல்லை, சொல்லியிருந்தால் சேர்ந்து அடைத்திருப்பேன். ஃபிளாட்டை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருப்பேன். அந்த முடிவை எடுக்கவே எனக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதுதான் எனக்குள் அறுக்கிறது.

மூத்த அண்ணன்

தள்ளிப் போட்டிருப்பீர்கள் என்று இப்போது சொல்வது சுலபம், தங்கச்சி. கல்யாணத்தையே தள்ளியிருந்தால்? அந்தப் பயம் அவருக்கு இருந்திருக்கும்.

லோன் மேஜை

இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு 'நீ கவலைப்படக் கூடாது' என்று பெயர் வைக்கக் கூடாது. யார் கவலை அது?

தோழி, நடைமுறைக்கு வருவோம். அவரையே அவருடைய சிபில் அறிக்கையை இறக்கித் தரச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம், அவர் ஃபோனுக்கு ஓடிபி வரும், அதனால் அவரே உட்கார்ந்து எடுக்க வேண்டும், நீங்கள் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். வங்கிக் கடன், கார்டு பாக்கி, பிறருக்கு ஜாமீன் நின்றது எல்லாம் அதில் வரும். வராதவை: கைமாற்று, அடகுக் கடையில் வைத்த நகை, ஊரில் எடுத்த சீட்டு, வட்டிக்கு வாங்கியது. இவற்றை வாயால்தான் கேட்க வேண்டும். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை யாருக்காவது போகிறதா பாருங்கள், சீட்டும் வட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் தெரியாது.

தில்லைநகர்ப் பெண்

கேட்டேன். தயங்காமல் என் எதிரிலேயே எடுத்துக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது, ஒரு தவணைகூடத் தவறவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி, யாரோ நண்பருடைய பைக் கடனுக்கு ஜாமீன். "அது மறந்தே போச்சு" என்கிறார். முகத்தைப் பார்த்தால் நிஜமாக மறந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் தெம்பு இப்போது எனக்கு இல்லை.

கறுப்பு அங்கி

ஜாமீன் போட்டதை மறப்பவர்கள் நிஜமாகவே உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த நண்பர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பது அதே வரியில் இருக்கும், பாருங்கள். அட்வான்ஸ் ஒரு லட்சத்துக்கு ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக ஒரு வரி இருக்கிறதா?

தில்லைநகர்ப் பெண்

இல்லை. தொகையும் ஃபிளாட் எண்ணும் மட்டும்தான். நாளைக்கு பில்டரைப் பார்க்கப் போகிறேன். அவரும் வருவதாகச் சொல்கிறார், கூட்டிப் போவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரவு லைன் டிரைவர்

கூட்டிப் போங்க தங்கச்சி. கடன் விஷயத்தைப் பில்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும்.

மூத்த அண்ணன்

அது எதற்கு, மூன்றாம் மனிதர் முன்னால்?