‘3600 யூனிட்’ என்ற ஒற்றை வரி: எளிய தமிழில் படிவக் கையேடு எழுதிய அனுபவம்

செல்வி, மகளிர் குழு ஊக்குநர்

2023 ஜூலையில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பம் வீடு வீடாக வந்தபோது, எங்கள் குழுப் பெண்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுதினேன். அவர்களில் பலர் பெயரை எழுதுவார்கள், பஸ் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். அவ்வளவுதான். பெயர், ஆதார் எண் போன்ற பகுதிகளில் தொல்லை இல்லை. என்னைத் தடுக்கி விழவைத்தது மின்சார நிபந்தனைதான்: குடும்பம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் கீழே மின்சாரம் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் யாரும் மின்சாரத்தை ஆண்டுக் கணக்கில் நினைப்பதில்லை. கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஆகவே ‘இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதினேன். வாக்கியம் சின்னது, சொற்கள் எளியவை. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் ஓர் அக்கா, “எனக்குக் கிடைக்காது, விடும்மா” என்றார். கோடையில் அவர் வீட்டில் 640 யூனிட் ஓடியிருந்தது. மின் அட்டையை வாங்கி ஆறு முறை ஓடிய யூனிட்டையும் கூட்டினேன்: 410, 380, 450, 520, 640, 430. மொத்தம் 2830. தகுதி உள்ளவரை என் எளிய வாக்கியம் வெளியே தள்ளிவிட்டது! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு இப்படி மாற்றினேன்: “மின் அட்டையை எடுங்கள். கடைசி ஆறு முறை எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். ஆறும் 600க்குக் கீழே என்றால் போதும், கூட்ட வேண்டாம். ஒன்றாவது 600 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறையும் கூட்டுங்கள்.” வாக்கியங்கள் கூடிவிட்டன. ஆனாலும் அடுத்த நாள் நான் கேட்டுப் பார்த்த ஐந்து பேரும் தவறில்லாமல் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சொற்களை எளிதாக்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து. ‘மிகாமல்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுங்கள். படிக்கத் தடுமாறுபவர் கண்ணில் ‘மிக’ மட்டும்தான் படுகிறது. அதிகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் எல்லோருக்கும் புரியும்.

செல்வி

‘மிகாமல்’ பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஐயா. பேச்சுத் தமிழில்தான் ஒரு சிக்கல். ‘இருக்குதுங்களா’ என்று அச்சில் கண்டதும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் பள்ளியில் பழகிய வடிவம் ‘இருக்கிறதா’ என்பதுதான்.

முன்னாள் கிராம நிர்வாக அலுவலர்

நிலத்துக்கான நிபந்தனையை எப்படி எழுதினீர்கள், அம்மா? நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள். பலரும் நன்செய்யை ‘தண்ணீர் பாயும் வயல்’ என்று விளக்கிவிடுகிறார்கள். அது தவறு. கிணற்றுப் பாசனத்தில் நெல் விளையும் எத்தனையோ நிலங்கள் பட்டாவில் புன்செய்யாக இருக்கின்றன. ‘பட்டாவில் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று பாருங்கள்’ என்பதே சரியான வரி.

இன்னொன்று. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ‘0 - 80.00’ என்பதை 80 சென்ட் என்று படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது 80 ஏர். ஓர் ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் என்பதால், கிட்டத்தட்ட 2 ஏக்கர் வருகிறது. கையேட்டில் பெருக்கல் கணக்கு வைக்காதீர்கள். ‘நன்செய் கட்டத்தில் முதல் எண் 0 அல்லது 1 என்றால் நிபந்தனைக்குள் இருக்கிறீர்கள்; 2 அல்லது அதற்கு மேல் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்றால் போதும். 5 ஏக்கர் என்பது 2 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான்.

செல்வி

நான் ‘தண்ணீர் பாயும் வயல்’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்தத் தாள்களில் நாற்பது பிரதி ஊருக்குள் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன்: ஒரே குடும்பத்துக்கு இரண்டு பட்டா இருந்தால் அந்த முதல் எண் விதி பொருந்துமா?

முன்னாள் கிராம நிர்வாக அலுவலர்

பொருந்தாது. இரண்டையும் கூட்டித்தான் ஆக வேண்டும். ‘ஒன்றுக்கு மேல் பட்டா இருந்தால் கேளுங்கள்’ என்று தனி வரி சேர்த்துவிடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்

எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர். இணைப்பு உரிமையாளர் பெயரில். அம்மா விண்ணப்பத்தில் அந்த இணைப்பு எண்ணைத்தான் எழுதினோம். யூனிட்டை எப்படிப் பிரிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

செல்வி

அதற்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. எங்கள் தெருவிலும் இப்படி மூன்று வீடுகள் இருந்தன. கையேட்டில் ‘ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் முகாமில் முதலில் இதைச் சொல்லுங்கள்’ என்று மட்டும் எழுதினேன்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்

நான் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் அட்டையைக் கையில் கொடுத்து, “போன முறை எத்தனை யூனிட் என்று விரலால் காட்டுங்கள்” என்றேன். எட்டுப் பேரில் மூன்று பேர் ரூபாயைக் காட்டினார்கள். இரண்டு பேர் மீட்டரின் மொத்த எண்ணைக் காட்டினார்கள். அதன் பிறகுதான் அட்டையின் படத்தை அச்சிட்டு, யூனிட் கட்டத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டோம்.

செல்வி

அந்த ஐந்து பேரிடமும் நான் எண்களை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன். இப்போதுதான் உறைக்கிறது. சனிக்கிழமைக் குழுக் கூட்டத்துக்கு எல்லோரையும் மின் அட்டையோடு வரச் சொல்லப்போகிறேன்.