லூசெட்டில் பின்னிய சுருக்குக் கயிறு: மடிப்புக்குள் போன நுனி

சிறுகண்ணி

கயிறு பின்னும் இரண்டு கொம்புக் கருவியான லூசெட்டைக் கையில் எடுத்து ரொம்ப நாள் ஆகவில்லை. பருத்தி நூலில் சின்னச் சின்னத் துண்டுகள் பின்னிப் பழகிவிட்டு, ஒரு சுருக்குப் பைக்கு இரண்டு கயிறு பின்னினேன். முதல் கயிறு சரியாக வந்தது. இரண்டாவதில்தான் பிரச்சினை.

பையின் வாயை மூட இழுத்தேன். பாதி சுருங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. கயிறு ஓடும் மடிப்பின் மேலே விரலால் தடவிப் பார்த்தால் ஒரு இடத்தில் கடுகளவு முண்டு தட்டுப்படுகிறது. அந்த முண்டு துளைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. எப்படியாவது வந்துவிடும் என்று இன்னொரு பக்கத்திலிருந்து அழுத்தி இழுத்தேன். அப்போது வெளியில் இருந்த நுனி என் கண் முன்னாலேயே மடிப்புக்குள் போய்விட்டது. ஊக்கை விட்டுத் துழாவி வெளியே எடுத்தபோது கயிறாக வரவில்லை. அரைச் சாண் நீளத்துக்கு நெளி நெளியான ஒற்றை நூலாக வந்தது. இரண்டு மாலை உட்கார்ந்து பின்னியது அது. இப்போதும் அந்தப் பையைப் பார்த்தால் அந்த நெளிந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது.

முண்டு இருந்தது, முதல் நாள் ராத்திரி வேலையை நிறுத்திய இடம் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இருகொம்பு

நடந்திருக்கிறது, அதுவும் ஒன்றரை மீட்டர் கயிற்றின் நட்டநடுவில். பின்னிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கை தானாக வலது கொம்பில் நூலைப் போட்டு, கீழ் வளையத்தைத் தூக்கித் தாண்டவிட்டது. போவதற்கு முன்பும் அதே கொம்பில்தான் போட்டிருந்தேன். ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் லூசெட்டைத் திருப்பி மறு கொம்பை வலதுக்குக் கொண்டுவர வேண்டும், நான் திருப்பவில்லை. ஒரே கொம்பில் அடுத்தடுத்து இரண்டு கண்ணி. அந்த இடத்தில் கயிறு ஒரு பக்கம் புடைத்தது.

உங்கள் முண்டும் இதுதானா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். லூசெட் கயிறு சதுரமாக இருக்கும், அடுத்தடுத்த கண்ணிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி வரும். முண்டு உள்ள இடத்தில் ஒரு பக்கம் இரண்டு கண்ணிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் பின்பக்கம் ஒரு நூல் மட்டும் கொஞ்சம் நீளமாகப் படுத்திருக்கும். அப்படித் தெரிந்தால் நீங்கள் ஒரு முறை திருப்ப மறந்திருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து லூசெட்டைத் திரும்பக் கையில் எடுத்ததும் முதலில் ஒன்று பார்ப்பேன். நூல்கண்டிலிருந்து வரும் நூல் எந்தக் கொம்பிலிருந்து புறப்படுகிறது? இடது கொம்பிலிருந்து வந்தால் ஏற்கெனவே திருப்பியாகிவிட்டது, வலதில் அடுத்த கண்ணியைப் போடலாம். வலது கொம்பிலிருந்தே வந்தால் இன்னும் திருப்பவில்லை என்று அர்த்தம். எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் நூல் இதைச் சொல்லிவிடும், ஞாபகம் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

வழுக்குநூல்

இருகொம்பு சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி முழுக்க வளையங்கள் கொம்பில் மாட்டியே இருந்தால் இழுபட்டுத் தளர்ந்துவிடும். காலையில் மேலே பின்னும்போது அந்த இடம் தடித்துத் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆனது, நான் ஒரு முறைகூடத் திருப்ப மறந்ததில்லை. இப்போதெல்லாம் நிறுத்தும்போது இரண்டு வளையங்களையும் ஒரு ஊக்குக்கு மாற்றி வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. நுனி பிரிந்ததற்கு லூசெட்டைக் குறை சொல்ல வேண்டாம். லூசெட் கயிறு வெட்டினாலும் பிரியாது, அதுதான் அதன் சிறப்பு. கம்பளி நூலில் இரண்டு முழக் கயிறு பின்னி, நடுவில் கத்தரியை வைத்து வெட்டினேன். இரண்டு துண்டையும் ஒரு பைக்கே கோர்த்தேன். முடிச்சும் இல்லை, பசையும் இல்லை. ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது. நுனியை முடிப்பது வீண் வேலை என்றே சொல்வேன்.

மெழுகுத்திரி

வழுக்குநூல், உங்கள் கம்பளி பிரியவில்லை என்பதை நம்புகிறேன். கம்பளியில் நுண்ணிய ரோமம் இருக்கிறது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதை நம்பித்தான் நான் பளபளப்பான ரேயான் நூலில் பின்னிய கயிற்றை அப்படியே வெட்டினேன். என் பெண்ணின் குல்லாச் சட்டைக்கு அது. முதல் நாள் போட்டுக்கொண்டு அவள் கயிற்று நுனியை வாயில் வைத்து இழுத்தாள். இழுக்க இழுக்கக் கயிறு கரைந்து நூலாக அவள் மடியில் விழுந்தது. அவள் பயந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ உடைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள்.

அப்புறம் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். எந்த நுனியிலிருந்து பின்ன ஆரம்பித்தோமோ அந்தப் பக்கத்தை எவ்வளவு இழுத்தாலும் இறுகுகிறதே தவிரப் பிரியவில்லை. முடித்த பக்கத்திலிருந்துதான் பிரிகிறது. வெட்டினால் கிடைக்கும் இரண்டு துண்டுக்கும் இப்படி ஒரு முடிவுப் பக்கம் உண்டு. உங்கள் கம்பளித் துண்டிலும் அந்த நுனியில் நூலைக் கண்டுபிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

சிறுகண்ணிக்கு நான் இப்போது முடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். கடைசிக் கண்ணியை வலது கொம்பில் போட்ட பிறகு ஒரு சாண் நூல் விட்டு வெட்டுகிறேன். அந்த வால் நூலை ஊசியில் கோர்த்து, முதலில் இடது கொம்பின் வளையத்துக்குள் விட்டு அதைக் கழற்றுகிறேன். பிறகு வலது வளையத்துக்குள் விட்டு அதையும் கழற்றுகிறேன். இங்கேதான் அவசரப்படக் கூடாது. உடனே வாலைப் பிடித்து இழுத்தால் வலது வளையம் முதலில் இறுகிவிடும், இடது வளையம் காது மாதிரி வெளியே நின்றுவிடும். அதை அப்புறம் உள்ளே தள்ளவே முடியாது. அதனால் வலது வளையத்தைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கி, இடது வளையத்தின் தளர்ச்சி முழுவதையும் அதற்குள் வாங்கிக்கொள்கிறேன். இடது மூடிய பிறகுதான் வாலை இழுத்து வலதை மூடுகிறேன். கடைசியாக ஊசியைக் கயிற்றின் நடு வழியாக இரண்டு விரற்கடை இறக்கிப் பக்கவாட்டில் எடுத்து, ஒட்ட வெட்டிவிடுகிறேன். நுனி கயிற்றின் கனத்திலேயே இருக்கும், துளையில் தட்டாது.

நாடாக்காரி

எனக்கும் கயிறு ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து வந்தது. நூல்கண்டில் நடுவே வேறு கனத்தில் நூல் வந்திருக்கிறது, அதுதான் காரணம். புதுக் கண்டு வாங்கியதும் சரியாகிவிட்டது. நீங்களும் நூலை மாற்றிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், கயிறு கோர்க்கிற விதம். ஊக்கைக் கயிற்று நுனியில் குத்திக் கோர்க்காதீர்கள், நுனியின் கண்ணி கிழிந்து விரிந்துவிடும். நுனியைச் சுற்றி மெல்லிய தையல் நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அந்தக் கட்டில் ஊக்கை மாட்டுங்கள். ஊக்கின் சுருண்ட முனை முன்னால் போக வேண்டும், திறக்கிற பக்கம் பின்னால் வர வேண்டும். மடிப்புக்குள் ஊக்கு திறந்துகொண்டால் துணியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கோர்க்கும்போது மறுநுனியை ஒரு பெரிய பொத்தானில் கட்டிவிடுங்கள், உள்ளே ஓடாது. மடிப்பின் அகலம் கயிற்றின் கனத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். சிலர் சரியாகப் பிடிக்கும்படி தைத்துவிடுகிறார்கள், துணி சுருங்கும்போது கயிறு நகர இடமே இருக்காது. கோர்த்து முடித்ததும் வாயை இரண்டு மூன்று முறை முழுதாகத் திறந்து மூடுங்கள், அப்புறம்தான் நுனியில் முடிச்சோ குஞ்சமோ போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் நீளம் போதாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

இருகொம்பு

நாடாக்காரி, பொத்தான் யோசனை நல்லது. ஆனால் சிறுகண்ணி கேட்பது நூலின் கனத்தைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் ஒற்றை முண்டு என்கிறார்.

வழுக்குநூல் சொன்ன ராத்திரித் தளர்ச்சியும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு மூன்று கண்ணிகளுக்குப் பரவி மெத்தென்று இருக்கும், கடுகு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படாது.

அந்தத் தளர்ச்சியை எடுக்கிற இடம் தெரிந்தால் கயிறு முழுக்கவே சீராக வரும். வலதில் வளையத்தைத் தாண்டவிட்டதும், கழன்ற பழைய வளையம் நடுவில் தொளதொளவென்று நிற்கும். நான் பழகிய புதிதில் நூல்கண்டுப் பக்க நூலை இழுத்துக்கொண்டே இருந்தேன். அதனால் கொம்பில் உள்ள புது வளையம் கொம்பைக் கவ்விக்கொண்டதே தவிர, நடுவில் இருந்த தொளதொளப்பு போகவே இல்லை. அந்தத் தளர்ச்சி போகும் வழி எதிர்க் கொம்பில் இருக்கிறது. இடது வளையத்துக்கு இரண்டு நூல்கால் உண்டு. ஒன்று கழன்ற வளையத்திலிருந்து வருகிறது, மற்றது இப்போது போட்ட புது வளையத்துக்குப் போகிறது. முதல் காலை விரல்நுனியால் மெல்ல இழுத்தால் நடுவில் உள்ள முடிச்சு அப்படியே உட்காரும். தவறிப் போய் மற்றதை இழுத்தால் வலது வளையம் சுருங்கும். எதை இழுக்கிறோம் என்பதை நடுவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், அங்கே அசைவு தெரிய வேண்டும்.

திருப்புவதும் எப்போதும் ஒரே பக்கம். நான் வலது கொம்பை என் பக்கமாகக் கொண்டுவந்து இடதாக்குகிறேன்.

மெழுகுத்திரி

இதைப் படித்துவிட்டு ஒரு சாண் பின்னிப் பார்த்தேன். எனக்குக் கைப்பழக்கம் இழுத்து இறுக்கிப் பின்னுவது. கயிறு சீராகத்தான் வந்தது, ஆனால் கம்பி மாதிரி விறைத்துவிட்டது. சுருக்குக் கயிறு வளைய வேண்டுமே! இருகொம்பு, நீங்கள் எந்த அளவில் நிறுத்துவீர்கள்?

இருகொம்பு

புது வளையம் கொம்பில் மேலும் கீழும் தடையில்லாமல் நகர வேண்டும். நகத்தால் நெம்பித்தான் தூக்க வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். மற்றபடி அது கைக்குக் கை மாறும். உங்கள் இறுக்கம் என் கயிற்றில் எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

சிறுகண்ணி

எல்லாருக்கும் நன்றி. கயிறுதான் ஏற்கெனவே பிரிந்துகிடந்ததே, முடித்த பக்கத்திலிருந்து முண்டு வரைக்கும் கண்ணி கண்ணியாகப் பிரித்துக்கொண்டே போனேன். இருகொம்பு சொன்னபடிதான் இருந்தது. ஒரு பக்கம் இரண்டு கண்ணி நெருக்கி, பின்னால் ஒரு நீள நூல். இரண்டில் ஒன்றைக் கழற்றியதும் கீழே சதுரம் சரியாகத் தெரிந்தது. இரண்டு வளையத்தையும் கொம்பில் திரும்ப மாட்டி, நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பின்னினேன்.

பிரித்த நூலைச் சும்மா விடாமல் அளந்தேன். பத்து செ.மீ. கயிறு பிரிந்தால் என் நூலில் எழுபது செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வந்தது. அடுத்த முறை நூல் எடுக்கும்போது உதவும்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. முண்டுக்குக் கீழே மூன்று விரற்கடை அளவுக்குக் கயிறு மற்ற இடத்தைவிட மெலிந்திருக்கிறது. திருப்பத் தவறவில்லை, நடுவில் நிறுத்தவும் இல்லை. அன்றைக்கு அந்த நேரம் என் கை இறுகியிருந்திருக்கலாம். துளையில் தட்டாததால் அதைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன். நுனியை மெழுகுத்திரி சொன்ன விதத்தில் முடித்தேன். முதல் முறை காது நின்றுவிட்டது, வாலைத் திரும்ப வெளியே எடுத்து இடது வளையத்தை முதலில் மூடினேன், இரண்டாவது முறை சரியாக வந்தது. பை இப்போது முழுசாக மூடுகிறது.

வழுக்குநூல்

மெழுகுத்திரி சொன்ன மாதிரி என் கம்பளித் துண்டில் நூல்முனையைத் தேடிப் பிடித்து இழுத்தேன். முதல் கண்ணி வரக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. இரண்டாவதும் வந்தது. அதோடு நிறுத்திவிட்டு, வந்த நூலை அந்தக் கண்ணிக்குள்ளேயே விட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.