டொலுயீனின் Cv கணக்கு: வாய்பாடு சரி, விடை மட்டும் இடிக்கிறது

கடைசி மேசை

முதுகலை இயற்பியல் செய்முறையில் இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். டொலுயீனின் Cp, Cv இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, விரிவுக் குணகத்தையும் அமுக்கத்தன்மையையும் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அமுக்கத்தன்மைக்கு மீயொலிக் குறுக்கீட்டுமானியைப் பயன்படுத்தினேன். படிகம் 2 MHz, வெப்பநிலை 25 °C. திருகைச் சுற்றும்போது முள் ஓர் உச்சத்திலிருந்து கிளம்பி இருபதாவது உச்சத்தைத் தொட 6.53 மி.மீ. நகர வேண்டியிருந்தது. அதாவது அரை அலைநீளம் 0.3265 மி.மீ., ஒலியின் வேகம் 1306 m/s. அடர்த்தி 862.2 kg/m³. `1/(ρc²)` போட்டால் அமுக்கத்தன்மை 6.80×10⁻¹⁰ Pa⁻¹. விரிவுக் குணகம் அடர்த்திக் குப்பியில் 20 °C, 30 °C இரண்டிலும் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது: 1.08×10⁻³ K⁻¹.

```
Cp - Cv = T V β² / κ
T = 298.15 K     V = 1.069e-4 m³/mol
β = 1.08e-3 /K   κ = 6.80e-10 /Pa
விடை: 54.7 J/(mol K)
```

அட்டவணையில் Cp 157 J/(mol K). அப்படியானால் Cv 102 என்றாகிறது. ஆனால் துறை நூலகத்தில் பார்த்த அட்டவணையில் Cv 116-ஐ ஒட்டி இருக்கிறது. விகிதம் எனக்கு 1.53, அங்கே 1.35. அலகுகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறினேன்?

செம்புக்கம்பி

உங்கள் விரிவுக் குணகம் நீள் விரிவா, பரும விரிவா? நான் செம்புக்குக் கணக்குப் போட்டபோது இதே குழியில்தான் விழுந்தேன். கையேட்டில் 16.5×10⁻⁶ என்று இருந்ததை அப்படியே போட்டேன், வேறுபாடு 0.08 J/(mol K) என்று வந்தது. அது நீள் விரிவு. மூன்றால் பெருக்கிப் போட்டதும் 0.71 ஆனது. வர்க்கம் இருப்பதால் மூன்று மடங்குப் பிழை ஒன்பது மடங்காகிவிடுகிறது. நீங்களும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

கடைசி மேசை

அடர்த்தியிலிருந்து எடுத்ததால் அது ஏற்கெனவே பரும விரிவுதான். மேலும் என் வேறுபாடு தேவைக்கு அதிகமாக இருக்கிறது. மூன்றால் பெருக்கினால் 54.7 என்பது 490 ஆகிவிடும், Cp-யையே தாண்டிவிடும்!

தண்ணீர்ப்பானை

திரவத்துக்கு இரண்டும் ஒன்றுதானே? வளிமங்களுக்குத்தான் Cp, Cv என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று படித்த நினைவு. 25 °C தண்ணீருக்கு நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். 75.3-இல் 0.8 கூட வித்தியாசம் இல்லை. அட்டவணையில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

பழைய செய்முறை வாத்தியார்

தம்பி, உன் அளவீடு நன்றாகவே இருக்கிறது. வாய்பாடும் சரி. அதில் நீ போட்ட κ-தான் வேறு κ.

மீயொலி அலை போகும்போது திரவம் நொடிக்கு இருபது லட்சம் தடவை அமுங்கி விரிகிறது. அமுங்கிய இடத்தில் லேசாகச் சூடு ஏறும். அந்தச் சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குள் அடுத்த அரைச் சுற்று வந்துவிடும். சூடு உள்ளேயே மாட்டிக்கொள்வதால் திரவம் சற்று விறைப்பாக எதிர்க்கிறது, ஆகவே அமுக்கத்தன்மை குறைவாகத் தெரிகிறது. `1/(ρc²)` தருவது இந்த வெப்பப் பரிமாற்றமில்லா அமுக்கத்தன்மை. அதை κS என்போம். உன் வாய்பாடு கேட்பதோ வெப்பநிலை மாறாமல் மெதுவாக அமுக்கினால் கிடைக்கும் κT. வாய்பாட்டில் வெறும் κ என்று எழுதிப் பழகியதால் வந்த வினை இது.

இதற்காகப் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி உன் கையில் இருக்கும் எண்களாலேயே ஆனது:

```
κT = κS + T V β² / Cp
   = 6.80e-10 + 2.37e-10
   = 9.17e-10 /Pa
```

இதைப் போட்டால் வேறுபாடு 40.5 ஆகும், Cv 116.5 ஆகும். இனி உன் தவறை நீயே கண்டுகொள்ள ஒரு வழி சொல்கிறேன். κT/κS எவ்வளவோ, Cp/Cv-யும் அவ்வளவே இருக்க வேண்டும். இங்கே 9.17/6.80 = 1.35, 157/116.5 = 1.35. பொருந்துகிறது.

நீ கண்ட 54.7-ஐயும் வீணாக்க வேண்டாம். அது Cp − Cv அல்ல, Cp(γ − 1). அதை 157-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் நேராக γ = 1.35 வந்துவிடும்.

பானைக்கு ஒரு வார்த்தை: திரவங்களுக்கெல்லாம் தண்ணீரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதன் விரிவு 25 °C-இல் 2.57×10⁻⁴ தான், டொலுயீனில் கால்வாசி. வர்க்கத்தில் ஏறக்குறைய பதினெட்டு மடங்கு போய்விடுகிறது. கரிமத் திரவங்களில் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

செம்புக்கம்பி

அப்படியென்றால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, ஐயா. என் செம்புக் கணக்கில் நான் எடுத்த அமுக்கத்தன்மையும் மீயொலியில் அளந்ததாக இருந்தால்?

பழைய செய்முறை வாத்தியார்

இருந்தால் அதுவும் அதே தவறுதான். ஆனால் செம்பில் Cp 24.4, Cv 23.7, விகிதம் 1.03. உங்கள் 0.71-இல் மூன்று விழுக்காடுதான் நகரும், கண்ணில் படாது. திடப்பொருளில் பழகியவர்கள் திரவத்துக்கு வரும்போது தடுக்கி விழுவது இதனால்தான். கையேட்டில் எந்த அமுக்கத்தன்மை என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

தண்ணீர்ப்பானை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் 4 °C-இல் விரிவதே இல்லை. அங்கே என்ன ஆகும்? அதற்குக் கீழே குணகம் எதிர்க்குறி ஆகிவிடுகிறதே, Cv பெரிதாகிவிடுமா?

பழைய செய்முறை வாத்தியார்

ஆகாது. வர்க்கம் இருப்பதால் குறி மறைந்துவிடும். 4 °C-இல் மட்டும் Cp, Cv இரண்டும் சமம். அந்த ஓர் இடத்தில் கடைசி மேசைத் தம்பி செய்தது போலச் செய்தாலும் தப்பில்லை, κS, κT இரண்டும் அங்கே ஒன்றே.

கடைசி மேசை

மிக்க நன்றி, ஐயா. திருத்திப் போட்டேன், 40.5 வந்தது. எங்கள் செய்முறைக் கையேட்டில் வெறும் "அமுக்கத்தன்மை" என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. பிழை மதிப்பீடு எழுதும்போது விரிவுக் குணகத்தைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. 20 °C-இல் 0.8669, 30 °C-இல் 0.8576 g/cm³. ஏதாவது ஓர் எண்ணில் 0.0002 தவறினாலே β இரண்டு விழுக்காடு மாறுகிறது.

பழைய செய்முறை வாத்தியார்

மேலே இருக்கும் வர்க்கம் அதை நான்காக்கப் பார்க்கும். ஆனால் κT-யிலும் β² இருப்பதால் கொஞ்சம் ஈடாகி, விடையில் மூன்றை ஒட்டி நிற்கும். ஒலியின் வேகத்தை விட இங்கேதான் உன் நேரத்தைச் செலவிட வேண்டும். 40 °C வரை நாலைந்து வெப்பநிலைகளில் எடைபோட்டு ஒரு கோடு வரைந்தால் நிலைமை தேறும். ஒன்று கேட்கிறேன்: குப்பியின் கொள்ளளவைத் தண்ணீர் வைத்து 30 °C-இலும் அளந்தாயா, இல்லை 20 °C-இல் அளந்ததையே பயன்படுத்தினாயா?

கடைசி மேசை

20 °C-இல் அளந்தது மட்டும்தான்.

பழைய செய்முறை வாத்தியார்

கண்ணாடியும் விரியும் அல்லவா? போரோசிலிக்கேட் கண்ணாடி என்றால் பருமனில் டிகிரிக்கு ஏறக்குறைய 1×10⁻⁵. உன் β ஒரு விழுக்காடு குறைவாக வந்திருக்கும். சாதாரணச் சோடாக் கண்ணாடி என்றால் இன்னும் அதிகம். எந்தக் கண்ணாடி?

கடைசி மேசை

குப்பியில் எதுவும் எழுதியில்லை. திங்கள்கிழமை ஆய்வகம் திறந்ததும் 30 °C-இல் தண்ணீர் ஊற்றி எடைபோட்டுவிட்டு வருகிறேன்.