குரல் உடையும் பையனை எந்த வரிசையில் நிறுத்துவது? உதவி தேவை

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் சோப்ரானோ பாடிவந்த 13 வயதுப் பையன், குரல் உடையத் தொடங்கியதும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனிடம் கொடுக்க இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"தம்பி, உன் குரல்வளை வளருது. குரல் நாண்கள் நீண்டு தடிக்குது, அதான் பாதியில வழுக்குது. குரல் கெட்டுப்போகலை. போன மாசம் பியானோவுல பார்த்தப்போ மிடில் சி-க்குக் கீழே எஃப் முதல் மேலே ஏ வரை சிரமமில்லாம வந்துச்சு. ஆல்ட்டோவுல பெரும்பகுதி அதுக்குள்ள அடங்கும். அது உச்சத்துக்குப் போற இடத்துல டெனருக்கு மாறிக்கோ. டெனர் ரொம்ப இறங்கினா விட்டுடு, அழுத்திப் பாடாதே. தொண்டை வலிச்சா அன்னிக்குப் போதும். எல்லை இன்னும் கீழே இறங்கும், அப்பப்போ சோதிச்சுப் பார்த்து இடம் மாத்துவோம்."

பெண்களோடு ஆல்ட்டோ வரிசையில் நிற்கக் கூச்சப்படுவான் (அந்த வயசு!). டெனர் வரிசையில், ஆல்ட்டோவை ஒட்டின ஓரத்தில் நிறுத்தலாமா? அப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பத்து சுரத்துக்குள் அடங்கும் தனி பார்ட்டோடு கிறிஸ்துமஸ் கீர்த்தனை ஏதாவது யாரிடமாவது இருந்தால் அனுப்ப முடியுமா? கடிதத்தில் திருத்தம் இருந்தாலும் சொல்லுங்கள், ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் கொடுக்கணும்.