காபித்தூள் சர்வே: 40 பேரில் 38 பேர் "வாங்குவேன்" என்கிறார்கள், இதை நம்பலாமா?

செவ்வாய்பேட்டைக்காரன்:
ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சிக்கரி சேர்க்காத தூளைச் சேலத்தில் கால் கிலோ பாக்கெட்டாக விற்க நினைக்கிறார், அதற்கு ஒரு சின்ன சர்வே எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார். தோட்டத்துக் கடைக்கு வந்தவர்களிடம் அவரே ஒரு சுற்று கேட்டுவிட்டார். கேள்வி இது: "கலப்படமில்லாத சுத்தமான சேர்வராயன் காபி உங்கள் ஊரிலேயே கிடைத்தால் வாங்குவீர்களா?" 40 பேரில் 38 பேர் ஆமாம். இதை நம்பிக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். கேள்வியை எப்படி மாற்றுவது, யாரிடம் கேட்பது? இரண்டு ஆட்கள், ஒரு சனி ஞாயிறு, 100 வீடு வரை முடியும்.

அம்மாபேட்டை தறி:
ஆள் குறைவு, அவ்வளவுதான். கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப் குரூப்களில் விடுங்கள். 400 பேர் வந்தால் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

கள ஆய்வு அக்கா:
தம்பி, அந்த 5 சதவீதக் கணக்கு சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஆளை எடுத்தால்தான் செல்லும். 1936 அமெரிக்கத் தேர்தலில் ஒரு பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தும், தோற்பார் என்று அது சொன்ன ரூஸ்வெல்ட்தான் ஜெயித்தார். குரூப்பில் பதில் போடுகிறவர் காபிப் பிரியராகத்தான் இருப்பார்.

கேள்விக்கு வருவோம். "கலப்படமில்லாத" என்றதுமே சிக்கரி போட்டுக் குடிக்கிற வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்வார். அந்த ருசிதான் அவருக்குப் பிடிக்கும், ஆனால் சொல்ல மாட்டார். "வாங்குவீர்களா" என்பதை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாகக் காபித்தூள் எப்போது வாங்கினீர்கள், எந்தக் கடையில், எத்தனை கிராம், என்ன விலை, சிக்கரி உண்டா? முடிந்தால் பாக்கெட்டையே காட்டச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் கடைசிவரை வரக் கூடாது. வீட்டில் டீ மட்டும்தான் என்றால் அதையும் குறித்துக்கொண்டு நகருங்கள், அதுவும் பதில்தான்.

ஃபேர்லேண்ட்ஸ், சூரமங்கலம், அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி நான்கிலும் 25 வீடு. தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒன்று, பூட்டியிருந்தால் சாயங்காலம் மறுபடி போங்கள். கதவு திறக்காதவர், மறுத்தவர் எண்ணிக்கையை எழுதி வைக்காவிட்டால் யாரை விட்டோம் என்பதே தெரியாது.

ஏற்காடு தங்கல்:
எங்கள் விடுதியில் கிளம்பும்போது கேட்டால் எல்லோரும் 5 நட்சத்திரம் தருகிறார்கள். நானும் வீடு வீடாகப் போக வேண்டுமா?

கள ஆய்வு அக்கா:
வேண்டாம் சார், உங்களுக்குத் தங்கியவர்கள் போதும். முகத்துக்கு நேரே கேட்காமல் ஊர் போனபின் அனுப்புங்கள்.

செவ்வாய்பேட்டைக்காரன்:
சரி அக்கா. விலைக்கு, பாதி வீட்டில் 180 ரூபாய், மீதி வீட்டில் 220 என்று சொல்லி வாங்குவார்களா என்று கேட்கலாமா?

கள ஆய்வு அக்கா:
கேட்கலாம், ஒரே வீட்டில் இரண்டு விலையும் சொல்லாதவரை. ஆனால் ஒரு விலைக்கு 50 வீடுதான், இரண்டுக்கும் இடையே சுமார் 20 சதவீதப் புள்ளி வித்தியாசம் வந்தால்தான் நம்ப முடியும். அதற்குக் கீழே என்றால் தெரியாது என்றே எழுதுங்கள்.

அம்மாபேட்டை தறி:
அதற்கு உழவர் சந்தை வாசலில் இரண்டு வாரம் 180-க்கு விற்றே பார்க்கலாமே?

செவ்வாய்பேட்டைக்காரன்:
அவரிடம் கேட்கிறேன். அட்வான்ஸை அதுவரை நிறுத்துவாரா தெரியவில்லை.