20 லிட்டர் வாளி வாங்கினால் உண்மையிலேயே லாபமா? (ஒரு கார், ஒரு பைக்)

ஈரோட்டுக்காரன்:
வீட்டில் ஒரு பெட்ரோல் கார், ஒரு 100 சிசி பைக். காருக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர், 5டபிள்யூ-30. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். பைக்குக்கு 1 லிட்டர், வருடத்துக்கு இரண்டு முறை. தெரிந்த கடையில் 5டபிள்யூ-30 சிந்தடிக் 20 லிட்டர் வாளியை 8,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அதே ஆயிலின் 3.5 லிட்டர் கேன் 1,750. லிட்டருக்கு 100 ரூபாய் மிச்சமாகிறது. இரண்டு வண்டிக்கும் இதையே ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வாளியை மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் வைக்கலாமா?

நாமக்கல் லாரி:
தம்பி, நான் 210 லிட்டர் பேரல்தான் வாங்குகிறேன். பாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது. யோசிக்காமல் வாங்குங்கள்.

பட்டறை பழனி:
அண்ணே, உங்கள் லாரி ஒன்றுக்கே 15 லிட்டருக்கு மேல் போகும், பேரல் சீக்கிரம் காலியாகிவிடும். இவர் வீட்டுக் கணக்கு வேறு.

ஈரோட்டுக்காரரே, முதலில் பைக்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி அந்த அளவுக்கு நகராது. பைக் பாட்டிலில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மீதி காருக்கு மட்டும். வருடம் 3.1 லிட்டர் என்றால் வாளி தீர ஆறு வருடத்துக்கு மேலாகும். சீல் உடைக்காத ஆயிலுக்கே பொதுவாக ஐந்து வருடம்தான் சொல்வார்கள். அந்த ஐந்து வருடத்தில் நீங்கள் ஊற்றுவது 15.5 லிட்டர். 8,000-ஐ அதால் வகுத்தால் லிட்டர் 516 ரூபாய், கேனில் மிச்சத்தை வீணாக்காவிட்டால் 500. உடைத்த வாளியை மூன்று வருடத்துக்கு மேல் நம்பமாட்டேன் என்றால் 9.3 லிட்டர்தான் பயன்படும், லிட்டர் 860 ஆகிவிடும். வாங்கின அளவால் வகுக்காதீர்கள், ஊற்றுகிற அளவால் வகுங்கள்.

ரவி தூத்துக்குடி:
ஆயில் கெட்டுப்போகும் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்ததுதானே?

பட்டறை பழனி:
பூமிக்கடியில் கிடந்தது கச்சா எண்ணெய் சார், அதில் அடிட்டிவ் கிடையாது. மூடி வைத்த ஆயில் சட்டென்று கெடாது என்பது சரிதான். ஆனால் வாளியைத் திறந்து திறந்து மூடும்போது தூசியும் ஈரமும் உள்ளே போகும். மாடிக் கொட்டகை வேண்டவே வேண்டாம். பகலில் ஷீட் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சும். வாளி காலியாகக் காலியாக உள்ளே காற்று அதிகம், உறிஞ்சுவதும் அதிகம்.

நாமக்கல் லாரி:
இது நிஜம். மழையில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் தண்ணீர் தேங்கும், ராத்திரி குளிரில் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நாங்கள் படுக்க வைத்துவிடுவோம், இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் வருகிற மாதிரி. உள்ளே ஆயில் மூடியை முட்டிக்கொண்டு நிற்பதால் காற்று புகாது. ஆயில் கலங்கலாகத் தெரிந்தால் ஒரு சொட்டு எடுத்துச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

சுமதி:
அப்படியென்றால் என் ஸ்கூட்டருக்குக் கார் ஆயில் ஊற்றலாமா? மிச்சம் அரை லிட்டர் இருக்கிறது.

பட்டறை பழனி:
ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே தனியாக இருக்கிறது, வழுக்கும் பயம் கிடையாதுங்க. ஆனால் உங்கள் புத்தகத்தில் 10டபிள்யூ-30 போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். அரை லிட்டரை மிச்சப்படுத்தி என்ன செய்யப்போகிறீர்கள்?

ஈரோட்டுக்காரன்:
நன்றி அண்ணா. இன்னொரு யோசனை. என் மச்சான், பக்கத்து வீட்டு அங்கிள் இருவரிடமும் அதே மாடல் கார்தான் இருக்கிறது. மூவரும் சேர்ந்து ஒரு வாளி எடுத்தால்?

பட்டறை பழனி:
வருடம் 9.3 லிட்டர், இரண்டு வருடம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். அப்போது லிட்டர் 400 என்பது கிட்டத்தட்ட உண்மையாகவே 400. தயாரிப்புத் தேதி பார்த்து எடுங்கள், பழைய சரக்கைத்தான் சில சமயம் மலிவாகத் தள்ளுவார்கள். கீழ்த்தளத்தில் வெயில் படாத அறையில் வையுங்கள். உறிஞ்சும் பம்பை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், டீசலுக்குப் போட்ட பம்ப் ஆகாது. பிரித்துக்கொள்வதானால் அதே ஆயிலின் காலிக் கேனில்தான். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் யாராவது ஒருநாள் வேறு எதற்கோ எடுத்துவிடுவார்கள்.

ரவி தூத்துக்குடி:
எங்கள் வீட்டில் உடைத்த வாளி நாலு வருடமாக ஓடுகிறது, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்டறை பழனி:
இருக்கலாம் சார். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இன்ஜினைப் பிரித்தால்தானே தெரியும்.

ஈரோட்டுக்காரன்:
மச்சான் சரி என்றுவிட்டான். அங்கிளுக்கு ஷோரூமில்தான் மாற்ற வேண்டுமாம், வாரண்டி இருக்கிறதாம். இருவர் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போகும். இந்தமுறை 3.5 லிட்டர் கேனே வாங்கிவிடுகிறேன், மிச்சம் 400 மில்லி டாப் அப்புக்கு ஆகும்.