ஆடிக் கடைசி நாளில் கூப்பன் செல்லாது என்கிறது, இரண்டு கூப்பன் போட்டால் ஒன்று காணாமல் போகிறது

கருப்பட்டிக்கடை

வணக்கம். செக்கு எண்ணெயும் கருப்பட்டியும் விற்கும் சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது, வூகாமர்ஸில் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடிக்கு AADI10 என்று ஒரு கூப்பன் போட்டேன், பத்து சதவீதம், குறைந்தது 999 ரூபாய்க்கு வாங்க வேண்டும், ஆகஸ்ட் 16 வரை. புது வாடிக்கையாளர்களுக்கு PUTHU100 என்று இன்னொன்று, நேராக நூறு ரூபாய் குறையும், அதற்கும் 999 தான்.

இன்று 16. காலையில் இருந்து எல்லாருக்கும் AADI10 காலாவதி ஆகிவிட்டது என்றே வருகிறது. பதினோரு மணிக்குள் பதினான்கு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள், "கடைசி நாள் இன்றுதானே போட்டிருந்தீர்கள்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு. கூப்பன் பக்கத்தில் பார்த்தால் 16 என்றுதான் இருக்கிறது.

இன்னொரு தலைவலி. முதலில் இரண்டு கூப்பனையும் சேர்த்துப் போட முடிந்தது. ஒருவர் 1,020 ரூபாய் சாமானை 818க்கு வாங்கிப் போய்விட்டார். அப்புறம் AADI10-இல் Individual use only டிக் செய்தேன். இப்போது ஒருவர் "நூறு ரூபாய் கூப்பன் போட்டேன், அடுத்ததைப் போட்டதும் அது மறைந்துவிட்டது" என்கிறார், இன்னொருவர் "இரண்டாவது ஏறவே இல்லை" என்கிறார். ஒரே கூப்பன்கள், இரண்டு விதமான புகார். தளத்தைச் செய்து கொடுத்தவர் போனை எடுக்கவில்லை.

வேலவன்

கேஷ் பிரச்சினையாக இருக்கலாம், கேஷைக் காலி செய்து பாருங்கள். இல்லாவிட்டால் தேதியை 17 ஆக மாற்றுங்கள். Coupon expiry date பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியைத் தொட்டால் அந்தத் தேதியின் 00:00:00 மணிக்கு முடியும் என்று போட்டிருக்கும். 16 என்று கொடுத்தால் 15 ராத்திரியோடு கதை முடிந்தது. நானும் ஒருமுறை பொங்கலுக்கு மாட்டியிருக்கிறேன்.

கருப்பட்டிக்கடை

கேஷைக் காலி செய்தேன், ஒன்றும் மாறவில்லை. நீங்கள் சொல்லும் 00:00 கணக்கும் சரியாக வரவில்லையே அண்ணா. நேற்று நள்ளிரவு தாண்டி 12:40க்கு ஒருவர் AADI10 போட்டு வாங்கியிருக்கிறார், யூபிஐ பணம் வந்த மெசேஜ் என் போனில் இருக்கிறது. 15 ராத்திரியோடு முடிந்திருந்தால் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

சங்கரி_நெசவு

அந்த 12:40 ஆர்டரைத் திறந்து, ஆர்டர் பக்கத்தில் என்ன தேதி, என்ன மணி காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். போன் மெசேஜை விட்டுவிடுங்கள்.

கருப்பட்டிக்கடை

ஆகஸ்ட் 15, மாலை 7:10 என்று காட்டுகிறது. இதை இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை அக்கா.

சங்கரி_நெசவு

அப்படியானால் உங்கள் கடைக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வேர்ட்பிரஸ் புதிதாகப் போடும்போது நேர மண்டலம் UTC+0 என்றே இருக்கும், பலரும் அதைத் தொடுவதில்லை. உங்கள் கூப்பன் 16-ஆம் தேதி 00:00க்குத்தான் செத்தது, ஆனால் அது கிரீன்விச் 00:00. நம் ஊரில் காலை 5:30. 12:40க்கு வாங்கியவருக்குக் கிடைத்ததும், விடிந்தபின் வந்த பதினான்கு பேருக்குக் கிடைக்காததும் அதனால்தான். தேதி தொடங்கும்போதே முடியும் என்று வேலவன் சொன்னது சரி, ஆனால் அதை மட்டும் நம்பி 17 என்று போட்டால் நாளை காலை 5:30 வரை கூப்பன் ஓடும்.

செய்ய வேண்டியது இரண்டு. Settings, General போய் Timezone-ஐ Kolkata என்று மாற்றிச் சேமியுங்கள். அப்புறம் கூப்பனைத் திறந்து 17 என்று கொடுத்து மறுபடி Update அழுத்துங்கள். ஏற்கனவே சேமித்த கூப்பனுக்குள் பழைய நொடிக் கணக்கு அப்படியே உட்கார்ந்திருக்கும், நேர மண்டலத்தை மட்டும் மாற்றினால் அது நகராது. அதனால் பண்டிகைக்கு முன்கூட்டியே செய்து வைத்த கூப்பன்கள் இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்க வேண்டும்.

இன்னொன்று, கூப்பனைப் போடும் நேரத்தில் மட்டும் சோதனை நடப்பதில்லை. ஆர்டர் போடும் நேரத்திலும் ஒருமுறை நடக்கும். 11:55க்குக் கூடையில் கூப்பனைப் போட்டுவிட்டு முகவரி தேடி 12:02க்கு ஆர்டர் அழுத்துபவருக்குக் கூப்பன் கழன்றுவிடும். 999 விதியும் அப்படியே. கூப்பன் ஏறியபின் ஒரு பாட்டிலை எடுத்து வெளியே வைத்தால் தள்ளுபடியும் போய்விடும்.

துபாய்த்தம்பி

எங்கள் கடை ஷாப்பிஃபையில். முடியும் தேதியோடு மணியும் கொடுக்கலாம், சேர்த்துப் போடலாமா என்பதை ஒவ்வொரு தள்ளுபடியிலும் தனியாகக் குறிக்கலாம், இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் சேரும். மாற உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

கருப்பட்டிக்கடை

மாறுகிற யோசனை இல்லை தம்பி, இன்றைக்குக் கடை ஓடினால் போதும்.

சங்கரி அக்கா சொன்னபடி செய்தேன், AADI10 உடனே உயிர் வந்துவிட்டது. பரிசோதனைக்கு இன்றைய தேதி போட்டு ஒரு கூப்பன் செய்து பார்த்தேன், ஏறவில்லை. ஆக, 00:00 கணக்கு உறுதி. இப்போது அந்த மறையும் கூப்பன்?

சங்கரி_நெசவு

ஒரு கூப்பனில் மட்டும் அந்த டிக் இருந்தால் எதை முதலில் தட்டுகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். PUTHU100 முதலில், AADI10 இரண்டாவது என்று போட்டால், AADI10 தனியாக இருக்க வேண்டிய கூப்பன் என்பதால் ஏற்கனவே இருந்ததைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிட்டு ஏறும். "கூப்பன் ஏற்கப்பட்டது" என்று மட்டும் செய்தி வரும், நூறு போனதைப் பற்றி மூச்சு விடாது. AADI10 முதலில் இருந்தால் PUTHU100-ஐ உள்ளேயே விடாது, சேர்த்துப் போட முடியாது என்று சிவப்பில் சொல்லும். உங்களுக்கு வந்த இரண்டு புகாருக்கும் விதி ஒன்றுதான்.

இரண்டிலும் டிக் செய்துவிடுங்கள். அப்போது கடைசியாகத் தட்டியது நிற்கும், முன்னது போகும். யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்லலாம். உங்கள் 1,020 ரூபாய்க் கூடைக்கு AADI10 என்றால் 102 குறையும், PUTHU100 என்றால் 100. இரண்டு ரூபாய்க்குச் சண்டை போட்டவர் யாரோ!

வேலவன்

சேர்த்துப் போட விட்டாலும் Calculate coupon discounts sequentially என்பதை டிக் செய்தால் தள்ளுபடி குறையுமே. ஒன்று கழித்த மிச்சத்தில்தான் அடுத்ததைக் கணக்கிடும்.

சங்கரி_நெசவு

இரண்டும் சதவீதமாக இருந்தால் குறையும். 1,020க்குப் பத்தும் இருபதும் சேர்த்தால் டிக் இல்லாமல் 306 போகும், டிக் இருந்தால் 102, அப்புறம் மிச்சம் 918-இல் இருபது சதவீதம் 183.60, ஆக 285.60. ஆனால் இவருடையது ஒரு சதவீதம், ஒரு நேர்த்தொகை. வாடிக்கையாளர் எந்த வரிசையில் தட்டினாலும் வூகாமர்ஸ் சதவீதத்தை முதலில் கழித்துவிட்டு, கூடை மொத்தத்துக்கான நேர்த்தொகையைப் பிறகுதான் கழிக்கும். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 202 தான்.

கருப்பட்டிக்கடை

818 கொடுத்தவர் விஷயம் அப்போதும் புரியவில்லை. 102 கழிந்ததும் 918 ஆகிவிட்டதே, 999க்குக் கீழே. இரண்டாவது கூப்பன் எப்படி ஏறியது?

சங்கரி_நெசவு

Minimum spend என்பது கூப்பன் கழிப்பதற்கு முந்தைய கூட்டுத்தொகையைப் பார்க்கும். இரண்டு கூப்பனும் அதே 1,020-ஐத்தான் பார்த்தன, இரண்டுமே தேறின. இரண்டும் கழிந்தபின் உங்கள் கைக்குக் குறைந்தது 999 வர வேண்டும் என்றால் கூடை 1,222 இருக்க வேண்டும், PUTHU100-இன் குறைந்தபட்சத்தை அந்த அளவுக்கு ஏற்றலாம். ஆனால் தனியாக நூறு மட்டும் கேட்கும் புதியவருக்கும் அதே 1,222 விழும், அது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றும்.

இதே பெட்டியால் வரும் இன்னொரு புகாரையும் சொல்லிவிடுகிறேன். 975க்குச் சாமான், கூரியர் 80, மொத்தம் 1,055. ஆனாலும் 999 ஆகவில்லை என்று வரும், கூரியர் கட்டணம் அதில் சேராது. வரியைக் கூடைப் பக்கத்தில் எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். வரி சேர்த்த விலையைக் காட்டினால் அதையே பார்க்கும், தனியாகக் காட்டினால் வரியில்லாத தொகையைப் பார்க்கும். எண்ணெய் 960, ஐந்து சதவீத ஜிஎஸ்டி 48, மொத்தம் 1,008 என்று நிற்கும், கூப்பன் ஏறாது. வாடிக்கையாளர் நம்மைத்தான் திட்டுவார்.

மல்லிகா_புடவை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இந்தக் குறைந்தபட்சத்தால்தான் சிக்கல். 2,000க்கு மேல் வாங்கினால் 200 தள்ளுபடி. ஒரு அம்மா 1,400க்கு ஒன்று, 900க்கு ஒன்று எடுத்தார், 2,100 கட்டினார். இப்போது 900 புடவையைத் திருப்பி அனுப்புகிறார். தள்ளுபடி எடுத்தது 2,000 என்பதற்காகத்தானே. எவ்வளவு திருப்பித் தருவது?

வேலவன்

அவர் வைத்துக்கொண்டது 1,400, அதற்குத் தள்ளுபடி இல்லை. 2,100 கட்டினார், 700 கொடுங்கள்.

சங்கரி_நெசவு

வூகாமர்ஸில் ரீஃபண்ட் போடும்போது கூப்பன் விதியை மறுபடி பார்ப்பதில்லை. 200-ஐ இரண்டு புடவைக்கும் நூறு நூறாகப் பிரித்து வைத்திருக்கும், அதனால் 900 புடவைக்கு நேரே 800 என்றிருக்கும். நான் 800 தான் கொடுப்பேன். முன்கூட்டியே எழுதி வைக்காத விதியைச் சொல்லி 700 கொடுத்தால் அந்த அம்மா அடுத்த முறை வரமாட்டார்.

வேலவன்

அப்படியானால் எல்லாரும் 2,000க்கு வாங்கி ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு ஒப்பவில்லை.

கருப்பட்டிக்கடை

எண்ணெய்யை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, தப்பித்தேன். இரண்டு கூப்பனிலும் டிக் போட்டுவிட்டேன், கூப்பன் பெட்டிக்கு மேலே "ஒரு ஆர்டருக்கு ஒரு கூப்பன், கூரியர் சேராமல் 999" என்று எழுதியாகிவிட்டது.

காலையில் கேட்ட பதினான்கு பேருக்கும் சொல்லிப் பார்த்ததில் ஒன்பது பேர் மதியத்துக்குள் வாங்கிவிட்டார்கள். மீதி ஐந்து பேருக்கு வேறு பெயரில் ஒரு கூப்பன் செய்து, Allowed emails-இல் அவர்கள் மின்னஞ்சலை மட்டும் போட்டு, 20-ஆம் தேதி கொடுத்திருக்கிறேன். அதாவது 19 ராத்திரி வரை. அதில் ஒருவர் இரண்டு மின்னஞ்சல் வைத்திருக்கிறாராம், எதைக் கொடுத்து வாங்குவார் என்று அவருக்கே தெரியவில்லை.